சுவரில் ஒட்டிய மலாயன் யூனியன்

டெங்கிலில் அக்கா வீடும் என் வீடும் ஒரே தாமானில், இரண்டு வரிசை தள்ளி இருக்கின்றன. விடியற்காலை நிகழ்ச்சி முடிந்து, கோலாலம்பூரிலிருந்து வீடு திரும்பும் வழியில் அக்கா வீட்டில் ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போவது என் பழக்கம். மூன்று மாதமாக அந்தக் கோப்பியை நான் ஒரு பெரிய மாஜோங் தாளைப் பார்த்துக்கொண்டேதான் குடித்தேன். சாப்பாட்டு மேசைக்கு எதிரே உள்ள சுவரில் அக்கா மகள் ஒட்டி வைத்தது அது. நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ‘மலாயன் யூனியன்’. அதிலிருந்து ஏழு வண்ணங்களில் ஏழு கிளைகள். கிளைகளில் சின்னச் சின்னப் படங்கள்: ஒரு கிரீடம், ஒரு கையெழுத்து, வெள்ளைத் துணி கட்டிய சொங்கோக்.

பார்க்க அழகாக இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது. ஏனென்றால் அந்த யோசனையைக் கொடுத்தவன் நான்.

பிறகு டிரையல் தேர்வு முடிவு வந்தது. வரலாற்றில் 36 மதிப்பெண். பக்கத்தில் சிவப்பு மையில் ‘ஜி’.

எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. 2013 முதல் வரலாறு கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டிய பாடம். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால், மற்ற பாடங்களில் எத்தனை ‘ஏ’ வாங்கினாலும் சான்றிதழ் கிடையாது. அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பியை மேசையில் வைத்துவிட்டு, “தம்பி, நீ சொன்னேன்னுதான் அவ நோட்டு எழுதறதையே விட்டுட்டா” என்று மட்டும் சொன்னார்.

அது உண்மை. ஆண்டுத் தொடக்கத்தில் என் நிகழ்ச்சியில் ஒரு மணி நேரம் மனவோட்டவரையைப் பற்றித்தான் பேசினேன். பள்ளியில் ‘பெத்தா மிண்டா’ என்று சொல்கிறார்களே, அதேதான். ஊடகத்துறைப் பட்டப்படிப்பில் நான் அப்படித்தான் படித்தேன். மக்கள் தொடர்புக் கோட்பாடுகள், விளம்பரம், பார்வையாளர் ஆய்வு எல்லாமே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பாடங்கள். ஒரு தாளில் விரித்துப் போட்டால் தெளிவாகும். எனக்குப் பலித்தது எல்லோருக்கும் பலிக்கும் என்று நினைத்து, “பத்தி பத்தியாக எழுதுவதை நிறுத்துங்கள், படமாக வரையுங்கள்” என்று ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி என் அக்கா மகள்.

எல்லாத் தேதியும் சரி, விடை தவறு

அன்று மாலை விடைத்தாளை வாங்கி வந்து இருவரும் உட்கார்ந்தோம். எங்கே மதிப்பெண் போனது என்று தேடினோம். கட்டுரைக் கேள்வி ஒன்று, மலாயன் யூனியன் எப்படி முடிவுக்கு வந்து மலாயாக் கூட்டமைப்பு உருவானது என்று கேட்டிருந்தது. அவள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். பெயர்கள் இருந்தன, தேதிகள் இருந்தன. ஆனாலும் பெரும்பாலான பத்திகளுக்குப் பக்கத்தில் மதிப்பெண் இல்லை.

நான் வாய்மொழியாகக் கேட்டுப் பார்த்தேன்.

“மலாயன் யூனியன் எப்ப நடைமுறைக்கு வந்துச்சு?”

“1946 ஏப்ரல் 1.”

“அம்னோ?”

“1946 மே 11, ஜொகூர் பாருவுல.”

“ஹர்த்தால்?”

“1947 அக்டோபர் 20.”

மூன்றும் சரி. “சரிம்மா, அந்த ஹர்த்தால் எதை எதிர்த்து நடந்துச்சு?”

“மலாயன் யூனியனைத்தான் மாமா” என்றாள் தயங்காமல்.

அங்கேதான் பிசகு இருந்தது. மலாயன் யூனியனுக்கு எதிராக மலாய்க்காரர்கள் எழுந்தது 1946இன் தொடக்கத்தில். ஒரே ஆளுநர், சுல்தான்களின் அதிகாரம் சமயத்துக்கும் வழக்கத்துக்கும் மட்டும் சுருங்குவது, இங்கே பிறந்தவர்களுக்குத் தளர்வான குடியுரிமை ஆகியவற்றை எதிர்த்தார்கள். சொங்கோக்கில் வெள்ளைத் துணி கட்டித் துக்கம் அனுசரித்தார்கள். மே மாதத்தில் அம்னோ பிறந்தது. பிரிட்டிஷார் இறங்கி வந்து சுல்தான்களுடனும் அம்னோவுடனும் பேசினார்கள். 1946 முடிவதற்குள் புதிய கூட்டமைப்புக்கான திட்டம் தயாராகிவிட்டது. அந்தப் பேச்சில் தங்களைச் சேர்க்கவில்லை என்று மற்ற இனத்தவரின் அமைப்புகளும் மலாய் இடதுசாரிகளும் கைகோத்தார்கள். அவர்கள்தான் ஏ.எம்.சி.ஜே.ஏ.–புத்தேரா. 1947 அக்டோபர் 20 அன்று கடையடைப்பு நடத்தியது அந்தக் கூட்டணி. அவர்கள் எதிர்த்தது மலாயன் யூனியனை அல்ல, அதற்குப் பதிலாக வரவிருந்த கூட்டமைப்புத் திட்டத்தை. இருந்தும் 1948 பிப்ரவரி 1 அன்று கூட்டமைப்பு அமைந்தது.

அவள் கட்டுரையில் ஹர்த்தாலால் மலாயன் யூனியன் ஒழிந்தது. அதாவது கதையே தலைகீழ்.

ஏன் அப்படி எழுதினாள் என்று சுவரைப் பார்த்தபோது புரிந்தது. அந்தத் தாளில் பச்சைக் கிளையின் பெயர் ‘எதிர்ப்பு’. அதன் நுனியில் மலாய்க்காரர் மாநாடு, வெள்ளைத் துணி, அம்னோ, ஹர்த்தால் நான்கும் ஒரே அளவில், ஒரே பச்சையில், கொத்தாகத் தொங்கின. நான்குமே எதிர்ப்புதான், அதில் தவறில்லை. ஆனால் எது முதலில், எது பிறகு, எது எதற்குப் பதில் என்று சொல்ல அந்தப் படத்தில் இடமே இல்லை. கிளைகளுக்கு முன்பின் கிடையாது. எந்தக் கிளையிலிருந்தும் தொடங்கலாம். மனவோட்டவரையின் பலமே அதுதான் என்று நான்தான் வானொலியில் புகழ்ந்திருந்தேன்.

இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை

மனவோட்டவரையை உலகம் முழுக்கப் பரப்பியவர் டோனி புசான் என்ற ஆங்கிலேயர். 1974இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வழியாக அவருடைய முறை பிரபலமானது. நடுவில் ஒரு மையக் கருத்து, சுற்றிலும் கிளைகள், ஒரு கோட்டுக்கு ஒரு சொல், வண்ணம், படம். நம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. ஐ-திங்க் திட்டத்தின் மூலம் தமிழ்ப்பள்ளியிலேயே குமிழி வரைபடம், மர வரைபடம் எல்லாம் வரைந்தவர்கள்தாம் அவர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் திட்டத்தில் எட்டு வரைபடங்கள் இருக்கின்றன. பண்புகளைச் சொல்லக் குமிழி, இரண்டை ஒப்பிட இரட்டிப்புக் குமிழி, வகைப்படுத்த மரம், வரிசையைச் சொல்ல நிரலொழுங்கு வரைபடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. எந்த விஷயத்துக்கு எந்த வடிவம் என்ற கேள்வியை அந்தத் திட்டம் ஏழு வயதுப் பிள்ளையிடமே கேட்கிறது. நான் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமல், எல்லாவற்றையும் ஒரே வட்டத்தைச் சுற்றி வரையச் சொல்லிவிட்டேன்.

என் தொழிலிலேயே எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு விருந்தினரைப் பேட்டி காணப் போகும்போது நான் கிளை கிளையாகத்தான் குறிப்பு எழுதுவேன். அவர் எந்தப் பக்கம் பேச்சைத் திருப்பினாலும் அந்தக் கிளையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் நிகழ்ச்சி வரிசை, அதாவது எத்தனை மணிக்குச் செய்தி, எதற்குப் பிறகு எந்தப் பாடல், எப்போது விளம்பரம் என்பதை மேலிருந்து கீழாகத்தான் எழுதுவேன். அதை வட்டமாக வரைந்தால் ஏழு மணிச் செய்தி ஏழு மணிக்குப் போகாது.

இதிலிருந்து நாங்கள் ஓர் எளிய சோதனையை வைத்துக்கொண்டோம். ஒரு பாடப் பகுதியில் உள்ள இரண்டு குறிப்புகளை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றினால் பொருள் கெடுகிறதா? கெட்டால் அது வரிசைக் குறிப்புக்கு உரியது. மாற்றியும் ஒன்றும் ஆகவில்லையா? அது மனவோட்டவரைக்குப் போகலாம்.

வரலாற்றுப் பாடத்திலேயே இரண்டும் இருந்தன. மலாயன் யூனியனின் அம்சங்களை எந்த வரிசையில் சொன்னாலும் சரிதான். எதிர்ப்புக்கான காரணங்களும் அப்படியே. அவை வரைபடத்தில் இருக்கட்டும் என்று விட்டோம். ஆனால் மெக்மைக்கேல் 1945 அக்டோபரில் வந்து சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கியதிலிருந்து 1948 பிப்ரவரி வரை நடந்தது ஒரு சங்கிலி. ஒரு கண்ணியை மாற்றிப் போட்டால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும்.

அதை எழுதுவதற்கு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற பேராசிரியர் பரப்பிய பக்க அமைப்பைப் பயன்படுத்தினோம். தாளின் இடப்பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு கோடு. வலப்பக்கம் நிகழ்ச்சிகள் தேதி வரிசையில், ஒரு வரிக்கு ஒன்று. இடப்பக்கம் அந்த வரிக்கான கேள்வி. அடியில் நான்கு வரி ஒதுக்கி, முழுப் பக்கத்தையும் இரண்டு வாக்கியத்தில் சுருக்கி எழுத வேண்டும். கேள்வியை எழுதும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். ‘எப்போது’ என்று கேட்கக் கூடாது, ‘இதற்கு முன் நடந்த எது இதற்குக் காரணம்’ என்று கேட்க வேண்டும்.

ஹர்த்தால் வரிக்கு வந்தபோது அவளே பேனாவை நிறுத்தினாள். அதற்கு மேல் வரியில் ‘கூட்டமைப்புத் திட்டம் தயார்’ என்று இருந்தது. “மாமா, யூனியன் போகப்போறதுன்னு முன்னமே முடிவாயிடுச்சே. அப்புறம் எதுக்கு அதை எதிர்த்துக் கடையை மூடணும்?” என்றாள். மூன்று மாதம் சுவரில் பார்த்தும் தோன்றாத கேள்வி, இரண்டு வரியை மேலும் கீழுமாக எழுதியபோது தோன்றிவிட்டது.

வரிசைக் குறிப்பும் ஏமாற்றும்

இதைப் படித்துவிட்டு மனவோட்டவரை வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அக்கா அப்படித்தான் முடிவு கட்டினார். தம் காலத்து எஸ்.பி.எம். குறிப்புப் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்து வந்து காட்டினார். மூன்று கனத்த புத்தகங்கள், முத்து முத்தான கையெழுத்து. புரட்டிப் பார்த்தால், பாடநூலில் இருப்பது அப்படியே வரி வரியாக இறங்கியிருந்தது. எல்லா வரியும் ஒரே முக்கியத்துவத்தோடு இருந்தது. வரிசைக் குறிப்பு கெடும் விதம் இதுதான். கை எழுதிக்கொண்டே போகும், மனம் வேறெங்கோ இருக்கும். எதை விடுவது என்று தீர்மானிக்கும் கட்டாயம் அதில் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. வெவ்வேறு அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கும் ஒரு விஷயத்தை வரிசைக் குறிப்பு ஒன்று சேர்க்காது. குடியுரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தாத்தா, பாட்டிகளின் வாழ்க்கையை நேரடியாகத் தொட்ட விஷயம் அது. மலாயன் யூனியனில் அது தளர்வாக இருந்தது. 1948 கூட்டமைப்பில் நிபந்தனைகள் கடுமையாயின. 1957 அரசியலமைப்பு, விடுதலை நாளிலும் அதற்குப் பிறகும் இங்கே பிறந்தவர்களுக்குப் பிறப்புரிமையாகக் குடியுரிமை தந்தது. பாடநூலில் இவை மூன்று வெவ்வேறு அத்தியாயங்கள். அவள் குறிப்பிலும் மூன்று வெவ்வேறு பக்கங்கள். ‘குடியுரிமை’ என்று நடுவில் எழுதி மூன்று கிளை இழுத்தபோதுதான் அவை ஒரே கதை என்று தெரிந்தது. ஒப்பிடச் சொல்லும் கேள்விக்கு இந்தப் பக்கம்தான் உதவும்.

ஆக, வரலாற்றுக்கு எங்கள் ஏற்பாடு இப்படி அமைந்தது. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் முதலில் வரிசைக் குறிப்பு. அது முடிந்த பிறகு, அத்தியாயங்களைக் குறுக்கே வெட்டும் ஐந்தாறு தலைப்புகளுக்கு மட்டும் மனவோட்டவரை. வரிசை முந்தி, வரைபடம் பிந்தி.

மற்ற பாடங்கள்

உயிரியலில் இதே சோதனை இன்னும் தெளிவாக வேலை செய்தது. இரத்தத்தைப் பற்றிய பாடம் ஒன்று. இரத்தத்தில் என்னென்ன இருக்கின்றன? பிளாஸ்மா, சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு. வெள்ளையணுவில் குறுமணி உள்ளவை மூன்று, இல்லாதவை இரண்டு. இவற்றை எந்த வரிசையில் சொன்னாலும் தவறில்லை, ஆனால் எது எதற்குள் அடங்கும் என்பது முக்கியம். அதனால் இது கிளை விடும் பாடம். வரைபடத்தில் ஒரே பார்வையில் நின்றது.

அதே பாடத்தில் இரத்தம் உறைவது என்ற பகுதி வேறு மாதிரி. காயம் பட்ட இடத்தில் தட்டணுக்கள் ஒட்டி, திராம்போகைனேஸ் வெளியாகிறது. அது கால்சியம், வைட்டமின் கே ஆகியவற்றின் துணையோடு புரோதிராம்பினைத் திராம்பினாக மாற்றுகிறது. திராம்பின், ஃபைப்ரினோஜெனை ஃபைப்ரினாக மாற்றுகிறது. ஃபைப்ரின் இழைகள் வலையாகி இரத்த அணுக்களைப் பிடித்து நிறுத்துகின்றன. அவள் இதையும் வண்ணக் கிளைகளாகத்தான் வரைந்திருந்தாள். ஆறு சொற்களும் மனப்பாடம், ஆனால் எது எதை மாற்றுகிறது என்று கேட்டால் புரோதிராம்பினும் ஃபைப்ரினோஜெனும் ஒன்றோடொன்று குழம்பின. அம்புக்குறி போட்டு ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிய பிறகு குழப்பம் போனது. ஆகவே உயிரியலில் உறுப்புகள், வகைகள், ஒப்பீடுகளுக்கு வரைபடம். செயல்முறைகளுக்கு வரிசை.

கூடுதல் கணிதத்தில் அவள் செய்திருந்தது சூத்திரங்களின் மனவோட்டவரை. அதை நான் முதல் நாளே சுருட்டி வைக்கச் சொன்னேன். கணிதத்தில் திணறுகிறவர்கள் பெரும்பாலும் சூத்திரம் தெரியாமல் திணறுவதில்லை, அடுத்த படி என்ன என்று தெரியாமல் திணறுகிறார்கள். படி என்றாலே வரிசை. ஒரு கணக்கைச் செய்து காட்டுகிறேன்.

```
x² − 6x + 5
= x² − 6x + 9 − 9 + 5
= (x − 3)² − 4
குறைந்தபட்சப் புள்ளி: (3, −4)
```

இதை வலப்பக்கம் எழுத வேண்டும். இடப்பக்கம் ஒவ்வொரு வரிக்கும் காரணம். இரண்டாம் வரியில் 9 எங்கிருந்து வந்தது? −6இல் பாதி −3, அதன் வர்க்கம் 9. பிறகு ஏன் 9ஐக் கழித்தோம்? கூட்டியதை ஈடுகட்ட. நான்காம் வரியில் x ஏன் −3 ஆகாமல் 3 ஆனது? அடைப்புக்குறி சுழியமாக வேண்டும் என்பதால். பிள்ளைகள் வழுக்கும் இடம் இந்த மூன்றுதான். சூத்திர வரைபடத்தில் இந்த மூன்றுக்கும் இடமே கிடையாது.

கணிதத்தில் மனவோட்டவரைக்கு ஒரே ஓர் இடம் கொடுத்தோம். அத்தியாயத்தின் முதல் பக்கத்தில், கேள்வி என்ன கேட்டால் எந்த வழி என்று ஒரு சிறு வரைபடம். இருபடிச் சார்பு நடுவில். மூலங்களைக் கேட்டால் காரணிப்படுத்தல் அல்லது சூத்திரம். மூலங்களின் தன்மையைக் கேட்டால் b² − 4ac. உச்சம் அல்லது குறைந்தபட்சம் கேட்டால் மேலே காட்டிய முறை. மூன்று கிளை போதும். கணக்கைச் செய்வது அதற்குப் பிறகு, வரி வரியாக.

கணக்கியலும் இந்தப் பக்கம்தான். பதிவேட்டிலிருந்து பேரேடு, பேரேட்டிலிருந்து இருப்பாய்வு என்று ஒன்றிலிருந்து ஒன்று போகும் பாடத்தைச் சுற்றி வளைத்து வரைந்து பயனில்லை.

தமிழ் இலக்கியம் எடுக்கும் பிள்ளைகளுக்கு மனவோட்டவரை உண்மையிலேயே நல்ல துணை. நாவலில் ஒரு கதைமாந்தரை நடுவில் வைத்து, அவருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள உறவு, மோதல், அவர் மாறிய தருணம், அதைக் காட்டும் சம்பவம் என்று விரித்தால், பாத்திரப் படைப்பைக் கேட்கும் எந்தக் கேள்விக்கும் சரக்கு கிடைக்கும். சொற்களின் வகைகளும் மரமாக விரியக் கூடியவைதான். ஆனால் குறளும் செய்யுளும் அப்படியல்ல. சீர் மாறினால் குறள் இல்லை. அவற்றை வரியாக எழுதி, மூடி வைத்து, மறுபடி எழுதித்தான் மனத்தில் ஏற்ற வேண்டும்.

கட்டுரை எழுதுவதற்கு இரண்டும் வேண்டும். முதல் ஐந்து நிமிடம் தலைப்பை நடுவில் வைத்து, தோன்றுவதை எல்லாம் கிளைகளாகப் போடலாம். பிறகு அந்தக் கிளைகளுக்கு 1, 2, 3 என்று எண் போட வேண்டும். எண் போடும் அந்தக் கணத்தில் வரைபடம் வரிசையாகிறது. எண் போடாமல் எழுத ஆரம்பிப்பவர்களின் கட்டுரைதான் பாதி வழியில் திரும்பிப் பின்னால் ஓடும்.

வரைவதும் நினைவுகூர்வதும் ஒன்றல்ல

இவ்வளவையும் ஒழுங்குபடுத்திய பிறகும் ஒரு கேள்வி என்னை உறுத்தியது. சரியான பாடத்துக்குச் சரியான வடிவம் கொடுத்துவிட்டால் போதுமா? சுவரில் அழகான தாள் ஒட்டிவிட்டு, மூன்று மாதம் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டவள்தானே இவள்?

2011இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்பிக், பிளன்ட் என்ற இருவர் நடத்தியது. மாணவர்களுக்கு ஓர் அறிவியல் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு, பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தது. இது மனவோட்டவரையின் நெருங்கிய உறவு. இன்னொரு குழு பாடத்தைப் படித்து, மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதியது. திறந்து பார்த்து, மறுபடி மூடி, மறுபடி எழுதியது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, மூடி வைத்து எழுதியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். வரைபடம் வரையச் சொல்லிச் சோதித்தபோதும் அவர்களே முந்தினார்கள்.

இந்த ஆய்வு வரைபடத்தைக் குறை சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்வது எதுவானாலும், அது வண்ணக் கிளையானாலும் முத்து முத்தான வரியானாலும், மீள்பார்வையில் பாதி வேலைதான். அக்காவின் மூன்று புத்தகங்களும் மகளின் மாஜோங் தாளும் ஒரே இடத்தில்தான் தவறின.

அதனால் ஒரு விதி போட்டோம். வரைந்த தாள் சுவரில் இருக்கக் கூடாது, கோப்புக்குள் போய்விட வேண்டும். மறுநாள் வெற்றுத் தாளில், பார்க்காமல், ஒரே பேனாவால் அதே வரைபடத்தை வரைய வேண்டும். பத்து நிமிடம்தான். பிறகு பழைய தாளை எடுத்து ஒப்பிட்டு, விட்டுப் போனதைச் சிவப்பில் சேர்க்க வேண்டும். மூன்று நாள் கழித்து மறுபடி, ஒரு வாரம் கழித்து மறுபடி. வரிசைக் குறிப்புக்கு வலப்பக்கத்தை ஒரு தாளால் மூடி, இடப்பக்கக் கேள்விக்கு வாய்விட்டு விடை சொல்ல வேண்டும். சிவப்பு குறைந்துகொண்டே வந்தால் பாடம் உள்ளே போகிறது. ஒரே கிளையில் மூன்று முறையும் சிவப்பு விழுந்தால் அந்த இடம் புரியவில்லை என்று பொருள். அதை வரைந்து சரிசெய்ய முடியாது, ஆசிரியரிடம்தான் கேட்க வேண்டும்.

முதல் நாள் அவள் வரைந்த தாளில் பாதிக்கு மேல் சிவப்பு. “எல்லாம் தெரியும்னு நெனச்சேன் மாமா” என்றாள். முகம் வாடிவிட்டது. எனக்கும் சங்கடமாக இருந்தது. ஆனாலும் டிரையலுக்கு முன்பே இந்தச் சிவப்பைப் பார்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றுதான் தோன்றியது.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாஜோங் தாளுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் என்றாள். அதில் சொங்கோக்கும் கிரீடமும் வரையவே ஒரு மணி நேரம். படம் வரைவது தவறில்லை, அது நினைவுக்குத் துணைதான். ஆனால் ஒரு வரைபடத்துக்கு அரை மணிக்கு மேல் போனால், படிப்பு எப்போதோ முடிந்து ஓவியம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சென்ற மாதம் பள்ளியில் வரலாற்றுக்கு இன்னொரு தேர்வு வைத்தார்கள். 57 மதிப்பெண். ‘ஏ’ இல்லை, ஆனால் ‘ஜி’யும் இல்லை. எஸ்.பி.எம். இன்னும் முன்னால் இருக்கிறது. அக்கா இப்போது என் கோப்பியில் சர்க்கரையைச் சரியாகப் போடுகிறார்.

அந்த வாரமே என் நிகழ்ச்சியில், ஆண்டுத் தொடக்கத்தில் நான் சொன்னது பாதிதான் சரி என்று ஒப்புக்கொண்டேன். ஹர்த்தால் கதையையும் சொன்னேன், யாருடைய கதை என்று சொல்லாமல். நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியைத் திறந்தால் அவளிடமிருந்து ஒரு குரல்பதிவு. “மாமா, ஏ.எம்.சி.ஜே.ஏ.வும் புத்தேராவும் 1947லதான் ஒண்ணு சேர்ந்தாங்க. நீங்க ரேடியோவுல 1946ன்னு சொல்லிட்டீங்க.”

நிகழ்ச்சி வரிசைத் தாளை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. அன்றைய குறிப்பை நான் ஒரு வட்டத்தைச் சுற்றித்தான் எழுதியிருந்தேன்.